விடுப்பு விண்ணப்பம்: ஒரு திருத்தப் பாடம்

தோற்றுவாய்

பள்ளி மாணவர் எழுதும் எழுத்துகளுள் பெரும்பாலானவை மதிப்பெண்ணுக்காக எழுதப்படுவன. அவர்தம் கட்டுரையை ஆசிரியர் படிப்பது திருத்துவதற்கேயன்றி அதிலுள்ள செய்தியை அறிந்துகொள்வதற்கன்று. தேர்வுத்தாளில் நண்பனுக்கு எழுதும் கடிதமும் எந்த நண்பனையும் சென்று சேர்வதில்லை. இவற்றினின்றும் வேறுபட்டு நிற்பது விடுப்பு விண்ணப்பம். அதனை எழுதுகிறவன் உண்மையிலேயே நோயுற்றிருக்கிறான்; படிக்கிறவர் உண்மையிலேயே அதனைக் கொண்டு வருகைப் பதிவேட்டில் ஒரு குறி இடவேண்டியிருக்கிறது. எழுத்து தவறினால் குறியும் தவறும்.

இத்தகைய விண்ணப்பத்தில் காணப்படும் பிழைகள் அனைத்தும் ஒரே தரத்தன அல்ல. சில பிழைகள் செய்தியையே மாற்றிவிடுகின்றன; சில, தொடரை முறித்துவிடுகின்றன; சில, காதுக்குப் புலப்படாமல் கண்ணுக்கு மட்டும் புலப்படுகின்றன; வேறு சில, பிழையென்று சிவப்பு மை ஏற்றும் அளவுக்குப் பிழையே அல்ல. இத்தரவேற்றுமையை ஒரு விண்ணப்பத்தைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விண்ணப்பம்

நடுநிலைப் பள்ளி மாணவர் எழுத்தில் நாம் மீண்டும் மீண்டும் கண்ட பிழைகளை ஒருங்கே திரட்டி ஒரு மாதிரி விண்ணப்பமாக ஈண்டு அமைத்துக்கொள்கிறோம். சூழல் இது: ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள், சனிக்கிழமை இரவு, காய்ச்சல் தொடங்குகிறது. ஞாயிறு மாலை மருத்துவர் ஊசி போட்டு, இரண்டு நாள் ஓய்வு எடுக்கச் சொல்கிறார். ஞாயிறு இரவே அவன் விண்ணப்பத்தை எழுதி வைக்கிறான். திங்கள் காலையில் அதே பள்ளியில் படிக்கும் தங்கை அதனை எடுத்துச் சென்று ஆசிரியரிடம் தருகிறாள்.

அனுப்புனர்
(பெயர்), 7-ம் வகுப்பு, 'ஆ' பிரிவு.

பெறுனர்
வகுப்பு ஆசிரியர் அவர்கள்.

மதிப்பிற்குறிய ஐயா,

வணக்கம். நான் நேற்று இறவு முதல் காய்ச்சல் அடிப்பதினால் பள்ளிக்கு வர முடியாது. மருத்துவமனைக்கு சென்று ஊசிப் போட்டு வந்தேன். மருத்துவர் ஓய்வு எடுக்க சொன்னார். ஆகையால் நாளை முதல் இரண்டு நாட்கள் எனக்கு விடுமுறை அளிக்குமாறு மிகத் தாள்மையுடன் கேட்டு கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உன்மையுள்ள, கீழ்படிந்த மாணவன்.

இதனைக் கையில் பெறும் ஆசிரியரின் கண் முதலில் 'உன்மை'யிலும் 'இறவி'லும் சென்று பதிவது இயல்பு. ஆயினும் இவ்விண்ணப்பத்தின் பெரும்பிழை அவற்றில் இல்லை.

1. நாள் பற்றிய பிழை

விண்ணப்பத்தில் 'நேற்று', 'நாளை' என இரு காலப் பெயர்கள் உள்ளன. எழுதிய நாள் எங்கும் குறிக்கப்படவில்லை. மாணவன் ஞாயிறு இரவு எழுதினான். ஆதலின் அவனுக்கு 'நேற்று' என்பது சனி. 'நாளை' என்பது திங்கள். ஆசிரியர் படிப்பதோ திங்கள் காலை. அவருக்கு 'நேற்று' என்பது ஞாயிறு. 'நாளை' என்பது செவ்வாய். திங்களும் செவ்வாயும் விடுப்பு வேண்டும் என்று மாணவன் எழுதினான். செவ்வாயும் புதனும் வேண்டும் என்று ஆசிரியர் படித்தார்.

இதன் விளைவைப் பதிவேட்டில் காணலாம். திங்களன்று மாணவன் முன்னறிவிப்பின்றி வாராதவன் ஆகிறான். செவ்வாயன்று விடுப்பில் உள்ளவன் ஆகிறான். புதனன்று விடுப்பில் இருக்கவேண்டியவன் வகுப்பில் வந்து அமர்ந்திருக்கிறான். ஆசிரியர் வினவினால், "நான் சரியாகத்தான் எழுதினேன், ஐயா" என்று அவன் சொல்வான். அவன் சொல்வதும் மெய்யே. எழுதிய பொழுதில் அது சரியாகவே இருந்தது. கைமாறிய பொழுதில் தவறாயிற்று.

இப்பிழையை இலக்கணம் பிழையாகக் கொள்வதில்லை என்பது கருதத்தக்கது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுக்கள் ஏழு என்பர் இலக்கண நூலார். 'நேற்று வருவான்' என்பது கால வழு. நம் மாணவன் அவ்வாறு எழுதவில்லை. நேற்று என்பதற்கும் நாளை என்பதற்கும் ஏற்ற தொடரையே அமைத்திருக்கிறான். வழு ஏதும் இல்லாத தொடரே தவறான செய்தியைத் தருகிறது. நேரில் பேசும்பொழுது சொல்பவரும் கேட்பவரும் ஒரே பொழுதில் இருப்பர். அங்கு 'நாளை' என்ற சொல்லுக்கு ஐயமில்லை. எழுத்தில் எழுதுபவர் பொழுது ஒன்று, படிப்பவர் பொழுது மற்றொன்று. பேச்சிற்கும் எழுத்திற்கும் உள்ள இவ்வேற்றுமையை மாணவனுக்கு உணர்த்துவதற்கு விடுப்பு விண்ணப்பத்தைவிட எளிய கருவி இல்லை.

திருத்தம் இரு படிகளில் அமையும். விண்ணப்பத்தின் கீழே எழுதிய நாளைக் குறிப்பது முதற்படி. அவ்வாறு குறித்தால் ஆசிரியர் கணக்கிட்டேனும் அறிந்துகொள்வார். 'நேற்று', 'நாளை' என்பவற்றை நீக்கி, நாளையும் கிழமையையும் சேர்த்து எழுதுவது இரண்டாம் படி. நாள், கிழமை இரண்டையும் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எண்ணில் ஓர் இலக்கம் பிறழ்ந்தால் கிழமை அதனைக் காட்டிக்கொடுக்கும். 12.08.2024 திங்கட்கிழமை என்பதை 13 திங்கட்கிழமை என்று எழுதிவிட்டால் பிழை உடனே வெளிப்படும்.

இதனோடு சார்ந்த மற்றொன்றும் உண்டு. நோய் தீர்ந்து பள்ளிக்குத் திரும்பிய நாளில் எழுதித் தரும் விண்ணப்பத்திலும் மாணவர் 'விடுப்பு அளிக்குமாறு' என்றே எழுதுகின்றனர். கழிந்துபோன நாளுக்கு விடுப்பு அளித்தல் இனி இயலாது. ஆண்டு 'வர இயலாது' என்பது 'வர இயலவில்லை' என்றும், 'விடுப்பு அளிக்குமாறு' என்பது 'அவ்விரு நாளையும் விடுப்பாக ஏற்றுக்கொள்ளுமாறு' என்றும் மாறவேண்டும். மனப்பாடம் செய்த தொடரைப் பொழுதறியாது இடும்பொழுது இப்பிழை நேர்கிறது.

2. தொடர்ப் பிழை

'நான் நேற்று இரவு முதல் காய்ச்சல் அடிப்பதால் பள்ளிக்கு வர முடியாது' என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். இதில் 'நான்' என்பது எழுவாயாக நிற்கிறது. அதற்குரிய பயனிலை யாது? 'அடிப்பதால்' என்பதன் எழுவாய் காய்ச்சல். அடிப்பது காய்ச்சலே, நான் அன்று. எஞ்சியது 'முடியாது'. 'நான் முடியாது' என்றல் தமிழ் மரபன்று. ஆகவே, தொடரின் தொடக்கத்தில் வைத்த 'நான்' இறுதிவரை துணையின்றி நிற்கிறது.

இப்பிழை ஏன் நேர்கிறது என்பதை அறிந்தால்தான் திருத்த இயலும். மாணவன் தன்னைப் பற்றி எழுதப்போகிறான். ஆதலின் 'நான்' என்று தொடங்கிவிடுகிறான். பின்பு, காய்ச்சலைச் சொல்லும்போது தமிழ் அவனை வேறு வழியில் அழைத்துச் செல்கிறது. தமிழில் பசியும் காய்ச்சலும் தலைவலியும் ஒருவன் செய்யும் செயல்கள் அல்ல, அவனுக்கு நேர்வன. 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்குத் தலை வலிக்கிறது', 'எனக்குக் காய்ச்சல் அடிக்கிறது' என நான்காம் வேற்றுமை ஏற்றே அவை வரும். இயலுதலும் முடிதலும் 'என்னால்' என மூன்றாம் வேற்றுமையை வேண்டும். ஒரே ஆளைக் காய்ச்சலுக்கு 'எனக்கு' என்றும், வருகைக்கு 'என்னால்' என்றும், சென்று வந்ததற்கு 'நான்' என்றும் சொல்லவேண்டியிருக்கிறது. மூன்றினையும் 'நான்' ஒன்றைக்கொண்டே முடிக்க முயல்வதால் தொடர் முறிகிறது.

வேற்றுமைப் பெயர்களைச் சொல்லித் திருத்துவதைவிட மாணவனை வினவித் திருத்துதல் எளிது. "காய்ச்சல் யாருக்கு?" என்று கேட்டால் "எனக்கு" என்பான். "யாரால் வர முடியவில்லை?" என்று கேட்டால் "என்னால்" என்பான். விடையில் அவன் சொன்ன உருபையே தொடரில் எழுதச் சொன்னால் போதும். 'எனக்கு நேற்று இரவு முதல் காய்ச்சல் அடிப்பதால் என்னால் பள்ளிக்கு வர இயலாது' எனத் தொடர் தானே நேராகும். மாணவன் வாய்மொழியில் இப்பிழையைச் செய்வதில்லை என்பதை இங்கு நினைவில் கொள்ளவேண்டும். எந்தச் சிறுவனும் "நான் காய்ச்சல் அடிக்கிறது" என்று தாயிடம் சொல்வதில்லை.

அடுத்துள்ள 'ஊசி போட்டு வந்தேன்' என்பதிலும் நுண்ணிய பிழை ஒன்று உண்டு. ஊசி போட்டவர் மருத்துவர், போட்டுக்கொண்டவன் மாணவன். 'நான் ஊசி போட்டேன்' எனின் நானே பிறருக்குப் போட்டதாகப் பொருள்படும். செயலின் பயன் செய்பவனையே சாரும்பொழுது 'கொள்' என்னும் துணைவினை வருவது தமிழ் மரபு. 'முடி வெட்டினான்' என்பதற்கும் 'முடி வெட்டிக்கொண்டான்' என்பதற்கும் உள்ள வேற்றுமையே இது. ஆதலின் 'ஊசி போட்டுக்கொண்டு வந்தேன்' என்பதே செப்பமான தொடர்.

விடுமுறை, விடுப்பு என்னும் சொற்களின் வேறுபாடும் இவ்வகையில் சேர்க்கத்தக்கது. விடுமுறை என்பது பள்ளி முழுவதற்கும் விடப்படுவது. பொங்கலுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் கிறிஸ்துமசுக்கும் வருவது விடுமுறை. ஒருவர் தம் பொருட்டுக் கேட்டுப் பெறுவது விடுப்பு. வகுப்பாசிரியர் விடுப்பு அளிக்கலாம். விடுமுறை அளித்தல் அவர் அதிகாரத்தில் இல்லை. 'எனக்கு விடுமுறை அளிக்குமாறு' என்று கேட்கும் மாணவன், ஆசிரியரிடம் இல்லாத ஒன்றைக் கேட்கிறான்.

3. எழுத்துப் பிழை

எழுத்துப் பிழைகள் இவ்விண்ணப்பத்தில் ஆறு சொற்களில் உள்ளன: அனுப்புனர், பெறுனர், மதிப்பிற்குறிய, இறவு, தாள்மை, உன்மை. ஒன்றன்பின் ஒன்றாக மனப்பாடம் செய்யச் சொன்னால் இவை ஆறு சுமைகள். சொல்லின் உறவை அறிந்தால் சுமை குறையும்.

'இரவு' என்பது இருள், இருட்டு என்பவற்றோடு உறவுடையது. மூன்றிலும் இடையின ரகரமே வரும். 'இறவு' என்பது இறாலைக் குறிக்கும் வேறு சொல். 'மதிப்பிற்குரிய' என்பதைப் பிரித்தால் மதிப்பிற்கு + உரிய என்றாகும். உரிமை, உரியவர் என்பவற்றில் உள்ள ரகரமே இதிலும் உள்ளது. வல்லின றகரம் இட்டால் 'குறிய' என்னும் சொல் தோன்றும். குட்டையான என்பது அதன் பொருள். ஆசிரியரை அவ்வாறு விளிக்க எம்மாணவனும் எண்ணியிரான்.

'தாழ்மை' என்பது தாழ், தாழ்வு, தாழ்த்து என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. பல ஊர்களில் ழகரத்தை ளகரமாகவே ஒலிக்கின்றனர். மாணவன் தான் கேட்டதை எழுதுகிறான். ஆதலின் இப்பிழை கவனக்குறைவால் வந்ததன்று. 'சரியாக எழுது' என்று கடிந்துகொள்வதால் அது நீங்காது. 'தாழ்வு' என்ற சொல்லை அதன் அருகில் எழுதிக் காட்டினால் நீங்கும்.

'உண்மை' என்பதில் ஏன் டண்ணகரம் வருகிறது என்பதற்குத் தெளிவான விதி உண்டு. உள் + மை என்பதே உண்மை ஆயிற்று. மகரத்திற்கு முன் ளகரம் ணகரமாகவும், லகரம் னகரமாகவும் திரியும். வெள் + மை வெண்மை ஆகும். நல் + மை நன்மை ஆகும். மெல் + மை மென்மை ஆகும். இந்நான்கினையும் கரும்பலகையில் வரிசையாக எழுதினால் ஏழாம் வகுப்பு மாணவன் விதியைத் தானே கண்டு சொல்வான். அதன்பின் 'உன்மை' என்று எழுத அவன் கை தயங்கும்.

அனுப்புநர், பெறுநர் என்பவற்றில் வினையடியோடு 'நர்' என்னும் விகுதி சேர்ந்துள்ளது. அனுப்பு + நர், பெறு + நர் எனப் பிரிக்கலாம். ஓட்டுநர், இயக்குநர் என்பனவும் இவ்வாறே அமைந்தவை. ஆயினும் 'உறுப்பினர்' என்பதைக் கண்டு மாணவர் மயங்குவர். அது வினையடியில் பிறந்ததன்று. உறுப்பு என்னும் பெயரடியாகப் பிறந்தது. ஆண்டு றன்னகரமே வரும். 'செய்யும் செயலைச் சொல்லும் சொல்லாயின் நர்' என்று சொல்லிக்கொடுத்தால் பள்ளி அளவில் அது போதுமானது.

'அடிப்பதினால்' என்பதும் ஈண்டுத் திருத்தத்தக்கது. 'அது' என முடியும் சொல் உருபேற்கும்பொழுது 'அன்' சாரியை பெறும். அதனால், வந்ததனால், அடிப்பதனால் என்பனவே செவ்விய வடிவங்கள். சாரியையின்றி 'அடிப்பதால்' எனினும் அமையும். '7-ம் வகுப்பு' என்பதும் '7ஆம் வகுப்பு' என்று இருத்தல் வேண்டும். வரிசையைக் காட்டுவது 'ஆம்' என்னும் சொல்லேயன்றி அதன் இறுதி எழுத்து மட்டும் அன்று.

4. சந்திப் பிழை

வல்லினம் மிகவேண்டிய மூன்று இடங்களில் மாணவன் விட்டுவிட்டான். மிகக்கூடாத ஓரிடத்தில் இட்டுவிட்டான்.

'மருத்துவமனைக்கு சென்று' என்பதில் 'கு' என்னும் நான்காம் வேற்றுமை உருபு விரிந்து நிற்கிறது. அதன் முன் வல்லினம் மிகும். 'மருத்துவமனைக்குச் சென்று' என்பதே சரி. 'எடுக்க சொன்னார்' என்பதில் 'எடுக்க' என்பது செய என்னும் வாய்பாட்டு வினையெச்சம். அதன் முன்னும் மிகும், 'எடுக்கச் சொன்னார்'. 'கேட்டு கொள்கிறேன்' என்பதில் 'கேட்டு' என்பது வன்றொடர்க் குற்றியலுகரமாக முடியும் வினையெச்சம். அதன் முன்னும் மிகும், 'கேட்டுக்கொள்கிறேன்'.

மூன்றாவது விதியில் மாணவர் பெரிதும் இடர்ப்படுவர். எளிய அடையாளம் ஒன்று உண்டு. வினையெச்சத்தின் கடைசி உகர எழுத்துக்கு முன் வல்லின மெய் இருந்தால் மிகும்: கேட்டு, எடுத்து, படித்து, வைத்து. மெல்லினமோ இடையினமோ உயிரொலியோ இருந்தால் மிகாது: வந்து கொடுத்தான், செய்து கொடுத்தான், அழுது கொண்டான். இவ்வொரு பார்வையே நூற்றுக்கணக்கான தொடர்களுக்கு விடை தரும்.

'ஊசிப் போட்டு' என்னும் நான்காவது பிழை வேறு வகையினது. விதி அறியாமையால் வந்ததன்று. அரைகுறையாக அறிந்ததால் வந்தது. சந்தி விட்டுப்போனதென்று பலமுறை திருத்தப்பட்ட மாணவன், வல்லினம் கண்ட இடமெல்லாம் ஓர் ஒற்றை இட்டுவிடுகிறான். 'ஊசி போட்டு' என்பது ஊசியை என்னும் இரண்டாம் வேற்றுமை உருபு மறைந்து நிற்கும் தொகை. அதில் மிகாது. உருபு வெளிப்பட்டு 'ஊசியைப் போட்டு' என வந்தால் மிகும். இதனை விண்ணப்பத்தில் வழங்கும் மற்றொரு சொல்லால் விளக்கலாம்: 'அனுமதி தருமாறு' என்பதில் மிகாது, 'அனுமதியைத் தருமாறு' என்பதில் மிகும், 'அனுமதிக் கடிதம்' என்பதிலும் மிகும். ஒரே சொல் மூன்று நிலையில் மூவகையாக நிற்கிறது.

தேவையற்ற ஒற்றைக் காணும் ஆசிரியர், அது தம் திருத்தத்தின் விளைவாகவும் இருக்கலாம் என்று எண்ணிப் பார்த்தல் நலம். சந்தி மிகும் இடங்களை மட்டும் கற்பித்து மிகா இடங்களைக் கற்பிக்காவிடில் இப்பிழை வளரும்.

5. பிழையெனத் தள்ளத்தகாதவை

'நாட்கள்' என்று எழுதினால் அடித்துத் திருத்துவோர் உளர். 'நாள்கள்' என்பதே செவ்விய வடிவம் என்பதில் நமக்கும் உடன்பாடே. ஆயினும் திங்கள் + கிழமை திங்கட்கிழமை ஆவதை அறிந்த மாணவன், நாள் + கள் என்பதையும் அவ்வாறே புணர்த்துகிறான். வழக்கிலும் அது பெரிதும் பரவிவிட்டது. மதிப்பெண் குறைக்கும் அளவிற்கு அது குற்றமன்று. அன்றியும், இவ்விடத்தில் பன்மை விகுதியே வேண்டியதில்லை. அஃறிணைப் பெயர் விகுதியின்றியே ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாய் நிற்கும். 'இரண்டு நாள்' என்றால் பன்மை விளங்கிவிடுகிறது. அவ்வாறு எழுதச் சொன்னால் வழக்கே எழாது.

'கீழ்படிந்த' என்பதும் அத்தகையதே. 'கீழ்' என்னும் சொல்லின் முன் வல்லினம் மிகுதலையும் மிகாமையையும் நன்னூல் உடன்படுகிறது. இக்காலத்தில் 'கீழ்ப்படிந்த' என்னும் வடிவமே நிலைபெற்றுவிட்டது, அதனைக் கற்பிக்கலாம். ஆனால், மற்றதைப் பெரும்பிழை என்று வட்டமிட வேண்டியதில்லை.

'தங்கள்' என்று ஒருவரைப் பன்மையில் சுட்டுவதும் பிழையன்று. உயர்வு கருதி ஒருமையைப் பன்மையால் கூறுதலை வழுவமைதியாக இலக்கணம் ஏற்றுக்கொள்கிறது. 'உண்மையுள்ள', 'கீழ்ப்படிந்த' என்னும் இரு அடைமொழிகளும் ஆங்கில மடல் வழக்கினின்று வந்து நம் பள்ளிகளில் நிலைத்தவை. இரண்டனுள் ஒன்று போதும். 'தங்கள் மாணவன்' என்று மட்டும் எழுதினாலும் பணிவு குறையாது.

திருத்திய வடிவம்

அனுப்புநர்
(பெயர்), 7ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு.

பெறுநர்
வகுப்பாசிரியர் அவர்கள்,
7ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எனக்கு 10.08.2024 சனிக்கிழமை இரவு முதல் காய்ச்சல் அடிக்கிறது. மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். மருத்துவர் இரண்டு நாள் ஓய்வு எடுக்கச் சொன்னார். ஆகையால் 12.08.2024 திங்கட்கிழமையும் 13.08.2024 செவ்வாய்க்கிழமையும் எனக்கு விடுப்பு அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள மாணவன்,
(கையொப்பம்)

நாள்: 11.08.2024
பெற்றோர் கையொப்பம்:

மாணவனின் சொற்களை நாம் பெரிதும் மாற்றவில்லை என்பதைக் காணலாம். 'காய்ச்சல் அடிக்கிறது' என்பதை நீக்கிவிட்டு 'உடல்நலம் குன்றியுள்ள காரணத்தினால்' என்று எழுதித் தருவது எளிது. ஆனால் அது அவன் தொடர் ஆகாது. காய்ச்சலா, வயிற்றுவலியா என்பதும் அதில் மறைந்துபோகும். 'வர இயலாது' என்னும் தொடரையும் விட்டுவிட்டோம்; விடுப்புக் கேட்பதிலேயே அச்செய்தி அடங்கிவிடுகிறது.

திருத்தும் முறை

மேற்கூறிய வரிசையே திருத்தும் வரிசையாகவும் அமைதல் வேண்டும் என்பது நம் கருத்து. முதலில் நாளும் காரணமும் தெளிவாக உள்ளனவா என்று பார்க்கவேண்டும். அடுத்து, எழுவாய்க்குப் பயனிலை உண்டா என்று பார்க்கவேண்டும். எழுத்துப் பிழையும் சந்திப் பிழையும் அதன்பின் வரும். மரபு வேறுபாடுகளைக் கடைசியில் ஒரு சொல்லாகச் சொன்னால் போதும். கண்ணில் முதலில் படுவது எழுத்துப் பிழையே ஆதலால் பெரும்பாலும் வரிசை தலைகீழாகிவிடுகிறது. 'உன்மை'யைத் திருத்திவிட்டு 'நாளை'யை அப்படியே விட்டுவிடுகிறோம். பதிவேட்டில் பிழை ஏறுவது இரண்டாவதனால்.

ஒன்றை மட்டும் இறுதியாகச் சுட்டுகிறோம். விடுப்பு விண்ணப்பம் பயிற்சி ஏட்டின் பக்கம் அன்று. பெற்றோர் கையொப்பம் பெற்று, பதிவேட்டோடு வைக்கத்தக்க சான்று. அதன்மேல் சிவப்பு மையால் திருத்துதல் முறையன்று. அதனை வகுப்பில் உரக்கப் படித்துப் பிழை காட்டுதல் அதனினும் தகாது. பிழையோடு அவன் நோயும் பலர் அறிய நேரும். அவ்வாறு நாணமுற்ற மாணவன் அடுத்த முறை தானே எழுதமாட்டான். அண்ணனிடமோ தந்தையிடமோ எழுதி வாங்கி வருவான். அதில் பிழை இராது. அவன் கற்றதும் இராது. விண்ணப்பத்தை உள்ளபடியே ஏற்று, நாள் தெளிவில்லையாயின் கொண்டுவந்த தங்கையிடம் கேட்டறிந்து, பதிவேட்டில் குறித்துக்கொள்ளவேண்டும். காய்ச்சல் நீங்கி அவன் வந்தபின், இரண்டு தொடர்களை மட்டும் அவன் ஏட்டில் எழுதச் செய்து, "நீ எழுதிய நாளை எந்த நாள்? காய்ச்சல் யாருக்கு?" என்று வினவினால், எஞ்சிய திருத்தத்தை அவனே செய்துகொள்வான்.